வகுப்பில் பேன்: எந்தப் பிள்ளையும் தலைகுனியாதபடி பெற்றோருக்குச் செய்தி அனுப்புவது எப்படி?

வகுப்பில் ஒரு பிள்ளையின் தலையில் பேன் ஊர்வதைப் பார்த்துவிட்டீர்கள். பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லும் விதம் சற்றுப் பிசகினாலும் அந்தப் பிள்ளை வருடம் முழுக்க ஒரு பட்டப்பெயரோடு உட்கார்ந்திருக்கும். இந்த வழிகாட்டி தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கானது. பேனை ஒழிப்பது பற்றித் தேவையான அளவு இதில் இருக்கிறது. ஆனால் முக்கியமாகப் பேசப்போவது அந்தச் செய்தியைப் பற்றி: எப்போது அனுப்புவது, எந்தச் சொல்லை விடுவது, அனுப்பிய பிறகு வரும் கேள்விகளுக்கு என்ன சொல்வது.

ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டு பேசுவோம். காட்பாடிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி, மூன்றாம் வகுப்பு, 31 பிள்ளைகள். சில வீடுகளில் அம்மா ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறார். சில வீடுகளில் பேசுவது தெலுங்கு, சில வீடுகளில் உருது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 26 குடும்பங்கள் இருக்கின்றன. மற்ற ஐந்து வீடுகளில் சாதாரண கைபேசிதான். புதன்கிழமை காலை, எண்ணும் எழுத்தும் பயிற்சி நூலை நடுவில் வைத்துக்கொண்டு ஐந்தாறு பிள்ளைகள் தரையில் வட்டமாகக் குனிந்திருக்கும்போது, ஒரு சிறுமியின் வகிட்டில் பேன் ஒன்று நடந்துபோவதை ஆசிரியை பார்க்கிறார். அவரைத் தவிர வேறு யாரும் கவனிக்கவில்லை.

பார்த்த நிமிடத்தில் செய்ய வேண்டியது: எதுவுமில்லை

பேன் பறக்காது, குதிக்காது. தலையோடு தலை ஒட்டியிருக்கும்போது ஒரு முடியிலிருந்து இன்னொரு முடிக்கு நடந்து போகிறது, அவ்வளவுதான். முதல்முறை பேன் தொற்றும் பிள்ளைக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். அதாவது, இன்று உங்கள் கண்ணில் பட்ட பேன் இன்று வந்ததல்ல. சில வாரங்களாகவே அது அந்தத் தலையில் இருந்திருக்கும், வேறு சில தலைகளுக்கும் போயிருக்கும். அந்தச் சிறுமியை இப்போது எழுப்பித் தனியே உட்கார வைப்பதால் எதுவும் தடுக்கப்படுவதில்லை. மற்ற முப்பது பேருக்கும் விஷயம் தெரிந்துவிடும், அது ஒன்றுதான் நடக்கும்.

எனவே பாடம் நடக்கட்டும். பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், தலைமை ஆசிரியர் அறைக்கு அழைத்துப்போக வேண்டாம், சத்துணவு வரிசையில் கடைசியில் நிறுத்த வேண்டாம். தலைகள் ஒட்டாமல் இருக்க வேண்டுமானால் அடுத்த பாடவேளையில் வகுப்பு முழுவதையும் கரும்பலகையைப் பார்த்து வரிசையாக உட்காரச் சொல்லலாம். ஒரு பிள்ளையை மட்டும் இடம் மாற்றக் கூடாது.

எல்லாப் பிள்ளைகளையும் நிற்க வைத்துத் தலை பார்ப்பது நியாயமான வழி என்று சிலர் நினைக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே சோதனைதானே என்கிறார்கள். ஆனால் ஆசிரியையின் கை எந்தத் தலையில் அதிக நேரம் நின்றது என்பதை எட்டு வயதுப் பிள்ளை நன்றாகவே கணக்கு வைத்துக்கொள்ளும். இந்தச் சோதனை வீட்டில் நடக்க வேண்டியது.

முதலில் அந்த ஒரு வீட்டுக்குத் தொலைபேசி

பொதுச் செய்திக்கு முன்னால் அந்தச் சிறுமியின் அம்மாவிடம் பேசிவிட வேண்டும். குழுவில் செய்தியைப் பார்த்து, பிள்ளையின் தலையைப் பிரித்துப் பார்த்து, நம் வீட்டால்தான் இத்தனையும் என்று அவர் தனியாகக் குமைய வேண்டாம். யார் வழியாகச் சொல்வது என்பதில் கவனம் தேவை. எட்டாம் வகுப்புப் படிக்கும் அக்காவிடம் சொல்லி அனுப்பக் கூடாது. ஆட்டோக்காரரிடம் சீட்டு கொடுக்கக் கூடாது. பள்ளி வாசலில் நான்கு அம்மாக்கள் நிற்கும்போது ஒருவரை மட்டும் அழைத்துக் காதோடு பேசுவது ஊருக்கே அறிவிப்பது போலத்தான். கம்பெனி வேலை முடிந்து வீடு வந்துசேரும் நேரம் பார்த்து, மாலை ஏழு மணிக்கு மேல் அழையுங்கள். பேருந்தில் நிற்கும்போது இந்தப் பேச்சு வேண்டாம். “இப்போது பேசலாமா அம்மா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகலாம்:

“பயப்படும்படி ஒன்றுமில்லை அம்மா. பாப்பாவின் தலையில் இன்று ஒரு பேன் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தலையில் இருந்தால் வகுப்பில் இன்னும் சில தலைகளில் இருக்கும், அதனால் வெள்ளிக்கிழமை மாலை எல்லா வீடுகளுக்கும் ஒரே செய்தி அனுப்பப்போகிறேன். அதில் யார் பெயரும் இருக்காது. முன்கூட்டியே உங்களிடம் சொல்லிவிடலாம் என்றுதான் அழைத்தேன்.”

“ஐயோ டீச்சர், வாரத்துக்கு இரண்டு தடவை தலைக்கு ஊற்றுகிறேனே! நாளைக்கே மொட்டை போட்டுவிடட்டுமா?”

“வேண்டாம் அம்மா. தலைக்கு ஊற்றுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பேன் சீப்பால் வாரினால் போதும், எப்படி என்று சொல்கிறேன். பாப்பா நாளைக்கு எப்போதும்போல பள்ளிக்கு வரட்டும்.”

மொட்டைப் பேச்சு அநேகமாக வரும், பதிலைத் தயாராக வைத்திருங்கள். மழித்த தலையில் பேன் தங்காது என்பது உண்மைதான். ஆனால் கோடை விடுமுறையில் திருத்தணிக்கோ திருப்பதிக்கோ போய் மொட்டையடித்துக்கொண்டு வரும் பிள்ளையை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பருவத்தின் நடுவில், பேன் செய்தி வந்த மறுவாரம், ஒரு சிறுமி மட்டும் மொட்டையோடு வந்தால் நீங்கள் பெயரை மறைத்து எழுதியதெல்லாம் வீண். சடையை ஒட்ட வெட்டி அனுப்புவதும் அதே கதைதான்.

செய்தி ஏன் வெள்ளிக்கிழமை மாலை?

புதன்கிழமை பார்த்ததற்குப் புதன்கிழமையே செய்தி அனுப்பினால், இன்று வகுப்பில் என்ன நடந்தது என்று எல்லா வீட்டிலும் பிள்ளையைக் கேட்பார்கள். டீச்சர் இன்னாரின் தலையை உற்றுப் பார்த்தார்கள் என்று ஏதாவது ஒரு பிள்ளை சொல்லும். இரண்டு நாள் போனால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். வாரக்கணக்கில் இருந்த பேனுக்கு இந்த இரண்டு நாள் பெரிய விஷயமல்ல. நடுவில் வியாழக்கிழமை அந்தச் சிறுமியிடம் வழக்கத்தைவிட அன்பாகவும் நடந்துகொள்ள வேண்டாம். பிள்ளைகள் அதையும் கவனிக்கும்.

வெள்ளி மாலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மறுநாள் விடுமுறை, வீட்டில் பகல் வெளிச்சம் கிடைக்கும். பேனைக் குழல்விளக்கின் கீழே தேடுவது சிரமம். விளக்கு வைத்த பிறகு தலைவாரக் கூடாது என்று இருக்கும் வீடுகளும் நம் பக்கம் ஏராளம். “இன்று இரவே பாருங்கள்” என்று எழுதினால் அந்த வீடுகளில் சோதனை நடக்காது.

நாள் கணக்கும் இதோடு பொருந்துகிறது. ஈறு பொரிய ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. பொரிந்த குஞ்சு வளர்ந்து ஈறு வைக்க மேலும் ஒன்பது, பத்து நாள் வேண்டும். ஒருமுறை வாரினால் நடமாடும் பேன்கள் போகும், ஈறுகள் தங்கிவிடும். ஆகவே நான்கு நாளுக்கு ஒருமுறை என்று நான்கு தடவை வாரினால், பொரிந்து வரும் குஞ்சுகள் ஈறு வைக்குமுன் அகப்பட்டுவிடும். முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள் என்பது கணக்கு. பதினேழாம் நாள் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். சனிக்கிழமை தொடங்கினால் இது சனி, புதன், ஞாயிறு, வியாழன் என்று வருகிறது. செவ்வாயும் வெள்ளியும் பேன் பார்க்கக் கூடாது என்று சொல்லும் பாட்டி இருக்கும் வீட்டிலும் இந்தக் கணக்குக்குத் தடையில்லை. சனிக்கிழமையும் வேலைக்குப் போகிற அம்மா ஞாயிற்றுக்கிழமை தொடங்கலாம், இடைவெளி மாறாமல் இருந்தால் சரி.

எழுதக் கூடாத செய்தி

பல குழுக்களில் வலம் வரும் செய்தியின் சாயல் இது:

> அன்பார்ந்த பெற்றோர்களே, நம் வகுப்பில் சில பெண் குழந்தைகளின் தலையில் பேன் அதிகமாக இருப்பது இன்று கண்டறியப்பட்டுள்ளது. இது மற்ற குழந்தைகளுக்கும் பரவும் அபாயம் உள்ளது. எனவே தங்கள் குழந்தைகளைத் தினமும் சுத்தமாகக் குளிப்பாட்டி அனுப்பவும். பேன் உள்ள குழந்தைகள் முழுமையாகக் குணமடைந்த பிறகே பள்ளிக்கு அனுப்பப்பட வேண்டும். பார்த்துவிட்டு குழுவில் பதில் அளிக்கவும்.

இதில் பெயர் எதுவும் இல்லை. ஆனாலும் ஆளைக் கண்டுபிடிக்கத் தேவையானது எல்லாம் இருக்கிறது. “பெண் குழந்தைகள்” என்றதும் 31 பேர் பதினைந்தாகிறார்கள். “சில” என்றதும் அந்தப் பதினைந்தில் யார் யார் என்று எண்ணத் தொடங்குவார்கள். “இன்று” என்பதைப் பற்றி மேலே சொன்னேன். “அதிகமாக” என்பதற்கு மருத்துவத்தில் எந்தப் பயனும் இல்லை; ஒன்று இருந்தாலும் நூறு இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தச் சொல் காறித் துப்புவது போல இருக்கிறது, அவ்வளவுதான். ஆண் பிள்ளைகளை விட்டுவிட்டதில் இன்னொரு பிழையும் இருக்கிறது: குட்டை முடியிலும் பேன் வரும். அக்காவோடு ஒரே பாயில் தூங்கும் தம்பியைப் பார்க்காமல் விட்டால் மறுமாதம் இதே செய்தியைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால் மிக மோசமான சொல் “சுத்தமாக” என்பதுதான். பேன் அழுக்கைத் தின்பதில்லை, இரத்தத்தைக் குடிக்கிறது. நேற்று சீயக்காய் தேய்த்துக் குளித்த தலையும் அதற்குச் சம்மதமே. சுத்தம் என்று எழுதியவுடன் செய்தி பேனை விட்டுவிட்டு வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது. எந்தத் தெரு, எந்தக் குடிசை, எந்த அம்மாவுக்குப் பிள்ளையைக் கவனிக்க நேரமில்லை என்று படிப்பவர்கள் மனத்துக்குள்ளேயே ஒரு பட்டியல் போட்டுக்கொள்வார்கள். அந்தப் பட்டியலில் முதலில் வரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பேனே இருக்காது. பேன் என்ற சொல்லைத் தவிர்த்து “சுகாதார அறிவிப்பு” என்று பூசி மெழுகுவதும் இதே தவறுதான். நேராகப் பேன் என்றே எழுதுங்கள்.

“குணமடைந்த பிறகே” என்ற வரியால், பேனைக் கண்ட வீடு அதை மறைக்கத்தான் பார்க்கும். வேலைக்குப் போகும் அம்மாவுக்குப் பிள்ளை ஒரு வாரம் வீட்டில் இருந்தால் கூலி போகும். பேன் உள்ள பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவைக்க வேண்டியதில்லை என்பதுதான் இன்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதும். கடைசியாக, “குழுவில் பதில் அளிக்கவும்” என்று கேட்டால் “எங்கள் பாப்பாவுக்கு இல்லை” என்று இருபது பேர் வரிசையாக எழுதுவார்கள். எழுதாத ஆறு பேர் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அனுப்ப வேண்டிய செய்தி

> மூன்றாம் வகுப்புப் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.
>
> நம் வகுப்பில் பேன் இருப்பது தெரியவந்திருக்கிறது. பிள்ளைகள் தலையோடு தலை சேர்த்துப் படிக்கும், விளையாடும் இடங்களில் இது வருவதுதான். சுத்தமான தலைக்கும் வரும். பேனால் வேறு நோய் பரவுவதில்லை. இந்தச் செய்தியை 31 குடும்பங்களுக்கும் ஒரே மாதிரி அனுப்புகிறோம்.
>
> நாளை சனிக்கிழமை பகல் வெளிச்சத்தில் வீட்டில் உள்ள எல்லாருடைய தலையையும் பாருங்கள். ஆண் பிள்ளைகள், பெரியவர்கள் தலையையும் சேர்த்துப் பாருங்கள். காதுக்குப் பின்புறமும் பிடரியும் முக்கியம். பேன் எள்ளளவு இருக்கும், நகரும். ஈறு முடியோடு ஒட்டியிருக்கும், தட்டினால் உதிராது. தட்டி உதிர்ந்தால் அது பொடுகு.
>
> நகரும் பேன் இருந்தால், தலையில் தேங்காய் எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடையுங்கள். சனி, புதன், ஞாயிறு, வியாழன் என நான்கு நாட்கள் இப்படிச் செய்யுங்கள்.
>
> மண்ணெண்ணெய், பூச்சி மருந்து எதையும் தலையில் போட வேண்டாம். மொட்டையடிக்கத் தேவையில்லை. மருந்து வேண்டுமென்றால் மருத்துவரிடம் அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.
>
> திங்கட்கிழமை எல்லாப் பிள்ளைகளும் வழக்கம்போல் பள்ளிக்கு வரலாம். பேன் இருந்ததா இல்லையா என்று எங்களுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. யாருக்கு என்று பிள்ளைகளைக் கேட்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் குழுவில் எழுதாமல் என்னைத் தனியாக அழையுங்கள்.
>
> வகுப்பு ஆசிரியை

இதில் ஒரு வரியைக் கூர்ந்து பாருங்கள்: “31 குடும்பங்களுக்கும் ஒரே மாதிரி அனுப்புகிறோம்.” இப்படிப்பட்ட செய்தியைப் படிக்கும் ஒவ்வொரு அம்மாவும், இது நம்மைக் குத்திக்காட்டத்தான் என்று ஒரு கணம் நினைப்பார். அந்த நினைப்பு இந்த வரியில் நின்றுவிடும். “தெரியவந்திருக்கிறது” என்று மொட்டையாக எழுதியிருப்பதும் வேண்டுமென்றே. யார் பார்த்தார்கள், எங்கே, எத்தனை தலை என்ற எதற்கும் அந்த வாக்கியத்தில் இடமில்லை. அதே நேரத்தில் அது பொய்யும் இல்லை.

படம் சேர்க்க விரும்பினால் வரைந்த படம் போதும். உண்மையான தலையின் புகைப்படம் வேண்டாம். எங்கிருந்தோ எடுத்ததாக இருந்தாலும், ரிப்பன் நிறத்தைப் பார்த்து நம் பள்ளிப் பிள்ளைதான் என்று சொல்ல ஆள் இருப்பார்கள்.

குழுவில் இல்லாத ஐந்து வீடுகள்

கைபேசியில் செய்தி கிடைக்காத ஐந்து பிள்ளைகளின் கையில் மட்டும் சீட்டு கொடுத்தால், சீட்டு வாங்கிய ஐவருக்கும் பேன் என்று வகுப்பு தீர்மானித்துவிடும். கொடுப்பதானால் 31 பேருக்கும் கொடுங்கள், மடித்து, கடைசி மணி அடிக்கும்போது, வேறு ஏதாவது வழக்கமான சுற்றறிக்கையோடு சேர்த்து. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியும் என்பதால் எனக்கு இதில் முழு நிம்மதி இல்லை. ஐந்து வீடுகள்தான் என்றால் அந்த ஐந்துக்கும் மாலையில் போன் செய்து செய்தியை அப்படியே வாசித்துக் காட்டுவது மேல். பத்து நிமிட வேலை.

எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்காகக் குழுவில் ஒரு குரல் பதிவும் சேருங்கள், ஒரு நிமிடத்துக்கு மிகாமல். தெலுங்கும் உருதும் பேசும் வீடுகளுக்கு அந்த மொழியில் ஒரு பதிவு இருந்தால் நல்லது. ஆனால் அதற்காக ஒரு மாணவரின் அம்மாவையே பேசச் சொல்லாதீர்கள். அவர் வீட்டில்தான் ஆரம்பம் என்று பேச்சு கிளம்பும். சக ஆசிரியர் யாராவது பேசட்டும். மூன்று மொழிப் பதிவுகளும் ஒரே நேரத்தில் குழுவுக்குப் போக வேண்டும். ஒரு மொழி மட்டும் முந்திக்கொண்டால் அந்த மொழிக்காரர்களுக்கான செய்தியாகிவிடும்.

அனுப்புவதற்கு முன்னால் குழு அமைப்பில் நிர்வாகிகள் மட்டுமே செய்தி போடும்படி மாற்றிவையுங்கள். திங்கட்கிழமை வரை அப்படியே இருக்கட்டும்.

வரும் கேள்விகள்

சனிக்கிழமை காலை அழைப்புகள் வரும். முதல் கேள்வி எப்போதும் இதுதான்: “யார் டீச்சர் அது? பக்கத்தில் உட்காராமல் பார்த்துக்கொள்கிறேன், அதற்காகத்தான் கேட்கிறேன்.” இதற்கு மழுப்ப வேண்டாம். “அதைச் சொல்ல மாட்டேன் அம்மா. நாளைக்கு உங்கள் பிள்ளையைப் பற்றி வேறு யாராவது கேட்டாலும் எனக்கு இதே பதில்தான்” என்று சொல்லுங்கள். “எனக்கே தெரியாது” என்று மட்டும் சொல்லாதீர்கள். பொய் என்று தெரிந்தால் அடுத்த முறை நீங்கள் சொல்வது எதையும் நம்பமாட்டார்கள்.

சிலர் பெயரைத் தாங்களே சொல்லி, “அவள்தானே?” என்று உங்கள் வாயைப் பார்ப்பார்கள். சரியான பெயருக்கும் தவறான பெயருக்கும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். தவறான பெயருக்கு மட்டும் “இல்லை, இல்லை” என்று அவசரமாக மறுத்தால், அடுத்து வரும் பெயருக்கு நீங்கள் மௌனமாக இருப்பதே பதிலாகிவிடும்.

மருந்து பற்றிக் கேட்பவர்களுக்கு: மருந்துக்கடையில் பெர்மெத்ரின் என்ற மருந்து கிடைக்கிறது. பேனுக்கு உரியது 1 சதவீத லோஷன். 5 சதவீதக் கிரீம் சொறி சிரங்குக்கு உடம்பில் தடவுவது, பெயர் ஒன்றாக இருப்பதால் மாறிவிடும், அட்டையைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். தலையை அலசி, துவட்டிய ஈர முடியில் தடவி, பத்து நிமிடம் கழித்துக் கழுவ வேண்டும். ஈறு எல்லாவற்றையும் அது கொல்லாது என்பதால் ஒன்பதாம் நாள் இன்னொரு தடவை. நகரும் பேன் இல்லாத தலைக்கு முன்னெச்சரிக்கையாகப் போட வேண்டாம். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெய் பற்றி யாராவது கேட்டால் மட்டும் குரலைக் கொஞ்சம் கடுமையாக்கலாம். தோலைப் பொசுக்கும், அடுப்பங்கரையில் தீப்பிடிக்கும்.

வீடு முழுக்க மருந்து அடிக்கலாமா என்று கேட்பார்கள். தேவையில்லை. தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாளில் செத்துவிடும். கடைசி இரண்டு நாளில் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, சீப்பு ஆகியவற்றை வெந்நீரில் அலசினால் போதும்.

“என் பிள்ளை இரண்டு நாளாகச் சொறிகிறான்” என்பவர்களிடம், பேனைக் கண்ணால் பார்த்தீர்களா என்று மட்டும் கேளுங்கள். வேலூர் வெயிலில் வேர்க்குருவும் பொடுகும்கூடச் சொறிய வைக்கும். பார்க்காமல் மருந்து போட வேண்டியதில்லை.

திங்கட்கிழமையும் அதற்குப் பிறகும்

திங்கட்கிழமை பல பிள்ளைகள் எண்ணெய் வழிய வழிய வருவார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே செய்தியை அனுப்பியதன் பலன் இது: பேன் இல்லாத வீடுகளிலும் சிலர் எண்ணெய் வைத்து வாரியிருப்பார்கள், வழியும் எண்ணெயை வைத்து யாரையும் அடையாளம் காண முடியாது.

முதல் வாரத்தில் வரும் புகார் பெரும்பாலும் ஈறு பற்றியதாக இருக்கும். “அந்தப் பிள்ளையின் தலையில் இன்னும் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது டீச்சர்.” பேன் போன பிறகும் பொரிந்த ஈறின் கூடு முடியிலேயே ஒட்டியிருக்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது, கூடும் அதோடு தள்ளிப்போகிறது. தலைத்தோலிலிருந்து அரை சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஈறு பெரும்பாலும் வெறும் கூடுதான். இதைப் பொதுவாக விளக்குங்கள், சொன்ன பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தையும் சேர்க்காமல்.

வகுப்பில் யாராவது “பேன் மண்டை” என்று கூப்பிட்டால், கூப்பிட்டவனை அப்போதே தனியாக அழைத்துப் பேசுங்கள். வகுப்பு முழுவதற்கும் அறிவுரை சொன்னால், யாரைக் கூப்பிட்டான் என்று அதுவரை தெரியாதவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டாவது செய்தி. இது சிறியது, ஆனால் இதை விட்டால் முதல் செய்தியின் பலன் பாதி போய்விடும். இரண்டு தடவை வாரி, பேன் எதுவும் வராததைப் பார்த்துப் பலர் நிறுத்தியிருப்பார்கள். ஈறு பொரிவதோ இந்த நாட்களில்தான்.

> பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். இன்று எல்லா வீடுகளிலும் ஒருமுறை தலை பாருங்கள், முன்பு எதுவும் தென்படாத வீடுகளிலும் பாருங்கள். பேன் சீப்பால் வாரத் தொடங்கியவர்கள் இன்றும் வியாழக்கிழமையும் வாரிவிடுங்கள். அந்த வியாழனுக்கு அடுத்து வரும் திங்கட்கிழமை கடைசியாக ஒருமுறை பாருங்கள். பதில் எழுத வேண்டியதில்லை.

அந்தச் சிறுமியின் அம்மாவை அன்று இன்னொரு முறை அழைக்கலாம். அப்போதும் பேன் நகர்கிறது என்றால் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்: நடுவில் ஒரு நாள் விட்டுப்போயிருக்கும், சீப்பின் பற்கள் அகலமாக இருக்கும், அல்லது கூடத் தூங்கும் யாரோ ஒருவர் தலையைப் பார்க்காமல் விட்டிருப்பார்கள். மூன்றாவதுதான் அதிகம், அதுவும் பெரும்பாலும் பாட்டியின் தலை. சொன்னபடி எல்லாம் செய்தும் போகவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு வேறு மருந்துகள் இருக்கின்றன.

பெயர்களை எங்கும் குறித்து வைக்க வேண்டாம், வருகைப்பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலில்கூட. செய்தியின் நகலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு பேன் திரும்ப வந்தால், தேதியும் குடும்ப எண்ணிக்கையும் மாற்றி அதையே அனுப்பலாம். “மீண்டும்” என்ற சொல்லை மட்டும் சேர்க்காதீர்கள். போன முறை யார் என்று எல்லாரும் யோசிக்கத் தொடங்குவார்கள்.